ஆர்டரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்

சக்கர நாற்காலிப் பட்டறையின் முன்பக்க அறை பதினோரு அடி நீளம், ஒன்பது அடி அகலம். அதில் ஜன்னலோர மேசையில் பதினேழு ஆண்டுகளாக உட்கார்ந்து எழுதிய பெண்ணுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் வடிகட்டியம்மா. முதலாளி ஒரு பக்கத்துக்குச் சொல்லும் கடிதம் அவள் கையால் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆறு வரியாகிவிடும். மீதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வந்த பெயர். அவளும் அதைக் கேட்டுக் கோபித்ததில்லை. தேநீரைக் குடிக்கிறவர்கள் யாரும் தூளைத் தேடுவதில்லை என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தால், அச்செடுத்த உடனே அவள் மொழிபெயர்க்க உட்காரமாட்டாள். முதலில் முழுவதையும் இரண்டு தடவை படிப்பாள். பிறகு மேல் மூலையில் பென்சிலால் ஓர் எண் போடுவாள், ஒன்றிலிருந்து ஐந்துவரை. எழுதியவருக்கு எத்தனை சூடு என்பதற்கான கணக்கு அது. அந்தச் சூடு தமிழிலும் அதே அளவு சுட வேண்டும், சொல் எதுவாக இருந்தாலும் சரி. கடிதத் தொடக்கத்தில் 'இக்கடிதம் தங்களை நலமாகக் காணும் என நம்புகிறோம்' என்று அவர்கள் எழுதுவதை அப்படியே போட்டால் காகிதத்துக்குக் கண் முளைத்துவிடும். 'நலம், நலமறிய ஆவல்' என்று மாற்றினால் மாமன் மச்சானுக்கு எழுதியதுபோல் ஆகிவிடும். 'வணக்கம்' என்ற ஒரு சொல் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். இந்தப் பக்கத்திலிருந்து போகிற 'தங்கள் மேலான பதிலை' என்பதும் அப்படித்தான். அந்த மேலானதை ஆங்கிலத்தில் ஏற்றினால், பதில் எந்த மாடியில் இருக்கிறது என்று தேடுவார்கள்.

எழுதி முடித்த தமிழை மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போவாள். அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணிக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. பட்டறையைப் பற்றியும் தெரியாது. அந்த இரண்டும்தான் அண்ணியிடம் அவளுக்குப் பிடித்த தகுதிகள். படித்துக் காட்டிவிட்டு, "இது உங்களுக்கு வந்தா என்ன செய்வீங்க அண்ணி?" என்று மட்டும் கேட்பாள். 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு மடிச்சு வெப்பேன்' என்று அண்ணி சொன்னால், மூலையில் நான்கு போட்ட கடிதத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று அர்த்தம்.

"உனக்கு வர்ற கடுதாசிக்கெல்லாம் நான் பயப்படணுமா?" என்பாள் அண்ணி. ஆனாலும் அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் கேட்பாள்.

அந்த அண்ணிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. வடிகட்டியம்மா பதினோரு நாள் விடுப்பு எடுத்தாள். பதினேழு ஆண்டில் அத்தனை நீண்ட விடுப்பு அதுதான் முதல் முறை. அவள் போன இரண்டாம் நாள், இருநூற்று நாற்பது நாற்காலிக்கான ஆர்டரை நூற்று நாற்பதாகக் குறைக்க எண்ணியிருப்பதாக வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் கடிதம் வந்தது. முதலாளிக்குத் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. பட்டறையின் வேலையில் பாதி அந்த ஒரு வாடிக்கையாளருக்குத்தான் நடந்தது.

முதலாளியின் மருமகன் படித்தவர். ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பார். மாமனார் கண் கலங்கச் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். இந்தத் தடவை வடிகட்ட ஆள் இல்லை என்பதில் முதலாளிக்கு உள்ளூர ஒரு நிம்மதி. "ஒரு வார்த்தைகூட விட்றாதீங்க மாப்பிள்ளை. என் மனசுல இருக்கறது அவங்களுக்கு அப்படியே தெரியணும்" என்றார். மாப்பிள்ளை விடவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுபோய் அந்தக் கரையில் இறக்கினார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. மாப்பிள்ளை படித்துப் பொருள் சொன்னார். நம்முடைய ஒளிவுமறைவில்லாத கடிதத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். சில விஷயங்களில் கொஞ்சம் வெளிச்சம் காட்டினால் மகிழ்ச்சி என்கிறார்கள். பதிலை நமக்கு வசதிப்பட்டபோது எழுதலாமாம். அதுவரைக்கும் ஆர்டரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"நமக்காகவா?" என்று கேட்டார் முதலாளி.

"வேற யாருக்காக மாமா?"

பட்டறை முழுக்க அன்று இரண்டாம் தடவை தேநீர் வந்தது. வசதிப்பட்டபோது என்று அவர்களே சொல்லிவிட்டதால், கடிதம் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் ஆறு நாள் சுகமாகத் தூங்கியது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வடிகட்டியம்மா வந்தாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பென்சிலை எடுத்து மூலையில் ஐந்து போட்டாள். அந்த வாடிக்கையாளரின் கடிதத்தில் அவள் ஐந்து போட்டது அதுவரை கிடையாது.

கடிதத்தில் ஒரு சொல்கூட உரக்கப் பேசவில்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. 'நன்றியுள்ளவர்களாக இருப்போம்' என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். 'வசதிப்பட்ட முதல் வேளையில்' என்றால் இன்றைக்கே. 'இப்போதைக்கு ஆர்டரைப் பிடித்து வைப்பது நல்லதென்று கருதுகிறோம்' என்றால் குறைப்பதுகூட இல்லை, அடியோடு நிறுத்திவிட்டார்கள். இவர்களை இத்தனை சூடாக்கியது எது? மாப்பிள்ளை அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கினாள். நான்காவது வரியில் விடை இருந்தது.

'ஆர்டரைக் குறைத்தால் அது என் தொழிலாளர்களின் வயிற்றில் அடிப்பதாகும். நாற்பத்தொரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்' என்று முதலாளி சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அடியையும் வயிற்றையும் தெருவையும் பத்திரமாக ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். அந்தப் பக்கம் படித்தவருக்கு அது இப்படித்தான் தெரிந்திருக்கும்: ஆர்டரைக் குறைத்தால் தொழிலாளிகளை அடிப்பேன், குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றுவேன்.

அவள் சொல்லி முடித்ததும் முதலாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை அகராதியைப் பார்த்தார். அகராதியில் தப்பு எதுவும் இல்லை.

"நான் அடிக்கறதா?" என்றார் முதலாளி. "ஒரு ஈயைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன்மா நான்."

உடனே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றார். சிரம் தாழ்த்தி, கை கூப்பி, ஆயிரம் தடவை மன்னிக்கும்படி. அவள் வேண்டாம் என்றாள். நம் மொழியில் மன்னிப்பைக் கூட்டக் கூட்ட மரியாதை கூடும். அங்கே மன்னிப்பைக் கூட்டக் கூட்டச் சந்தேகம் கூடும். செய்யாத தப்புக்கு ஆயிரம் மன்னிப்புக் கேட்டால், ஆயிரம் அடி அடித்திருப்பார் என்று எண்ணுவார்கள். நடந்ததைச் சொன்னால் போதும், அதற்கு ஆறு வரி போதும் என்றாள்.

"மறுபடியும் ஆறு வரியா?" என்றார் முதலாளி பரிதாபமாக.

முதலாளியின் சொல் மட்டும் எடுபடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடிபட்டதாக அவர்கள் எண்ணுகிற ஆள் ஒருவன் பேச வேண்டும். வெல்டரைக் கூப்பிட்டாள். பதினான்கு ஆண்டாக வேலை செய்கிறவன், தொழிலாளர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த பிரதிநிதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தான். முதலாளி தங்கமானவர், பெற்ற தாய்க்குச் சமம், எங்கள் குலதெய்வம், அவர் நிழலில்தான் நாங்கள் பிழைக்கிறோம். முதலாளியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. வடிகட்டியம்மாவின் பென்சில் காகிதத்தைத் தொடவில்லை.

"ஏன்க்கா எழுதல?"

"இதை எழுதினா, உன் முதுகுல கத்தியை வெச்சு எழுத வாங்கினதா நெனைப்பாங்க தம்பி."

பிறகு அவள் கேட்டது வேறு மாதிரியான கேள்விகள். கடைசியாக யாருக்கு எப்போது காயம் பட்டது? மூன்று மாதத்துக்கு முன், பதினெட்டாம் தேதி, பாலீஷ் போடுகிறவரின் கட்டைவிரல், இரண்டு தையல், நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு. யார் மேலாவது யாராவது கைநீட்டியதுண்டா? இல்லை. வீட்டைவிட்டு வெளியேற்றியதுண்டா? அவரவர் இருப்பது அவரவர் வீட்டில். எல்லாம் எழுதினாள். கடைசியாக, "உனக்கு இங்க எது பிடிக்கல?" என்றாள்.

வெல்டர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"சொல்லுடா, அதான் கேக்கறாங்கல்ல" என்றார்.

"பின்பக்கக் கொட்டகையில புகையை வெளிய தள்ற ஃபேன் ரெண்டு ஓடலைங்க. ஒம்போது மாசமாச்சு. மூணு தடவை எழுதிக் குடுத்தோம்."

அவள் எழுதினாள். முதலாளிக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது. வீட்டுக்குள் இருக்கும் ஓட்டையை எதற்குக் கடல் கடந்து காட்ட வேண்டும் என்றார். இருக்கிற கெட்ட பெயர் போதாதா, இதைப் படித்தால் ஆர்டர் திரும்பி வருமா என்றார். அவளுக்கும் அது நிச்சயமில்லை. பதினேழு ஆண்டில் எத்தனையோ சொல்லை வடிகட்டியிருக்கிறாள். இது வடிகட்டக் கூடாத வரி என்று மட்டும் தோன்றியது.

"குறையே இல்லாத பட்டறைன்னு எழுதினா யாருங்கய்யா நம்புவா? குறை சொல்றதுக்கு இவனுக்குப் பயமில்லைன்னு அவங்களுக்குத் தெரியணும். அடி வாங்கறவன் ஃபேனைப் பத்திப் பேசமாட்டான்."

முதலாளி எழுந்துபோய் ஜன்னல் கதவை ஒரு காரணமும் இல்லாமல் திறந்து மூடினார். "அனுப்புங்க" என்றார்.

அன்று மாலை நான்கு பத்துக்குக் கடிதம் போனது. முதல் வரி: எங்கள் பட்டறையில் யாரும் யாரையும் அடித்ததில்லை. இரண்டாவது: முந்தைய கடிதத்தில் இருந்தது எங்கள் மொழியின் வழக்கு, பிழைப்பைப் பறிப்பது என்று பொருள், அதைச் சொல்லுக்குச் சொல் எழுதியது எங்கள் தவறு, அதற்கு வருந்துகிறோம். அந்த ஒரு 'வருந்துகிறோம்' போதும் என்று விட்டுவிட்டாள். பிறகு, ஆர்டர் குறைந்தால் எத்தனை பேருக்கு எத்தனை வாரம் வேலை இருக்காது என்ற கணக்கு. முதலாளியின் கண்ணீர் முழுவதும் அந்த வரியில்தான் இருந்தது, ஆனால் எண்ணாக இருந்தது. வெல்டரின் கையெழுத்திட்ட வாக்குமூலத்தைத் தமிழ் மூலத்தோடு இணைத்திருந்தாள்.

மூன்று நாள் பட்டறையில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தினமும் காலையில் வந்து, கேட்காமல் அவள் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் பதில் வந்தது. அவள் இரண்டு தடவை படிக்கும்வரை முதலாளி பொறுத்திருந்தார். அத்தனை நேரம் அவர் பொறுத்திருந்தது பட்டறைக்கே ஆச்சரியம்.

ஆர்டரை மறுபடி நடத்தலாம். இருநூற்று நாற்பது கிடையாது, இருநூறு. விளக்கம் தெளிவாக இருந்ததற்கு நன்றி. கடைசியில் ஒரு வரி.

"ஃபேன் விஷயம் கவனிக்கப்படும்னு நம்புறாங்களாம்" என்றாள்.

முதலாளி மூச்சை விட்டார். "நம்புறோம்னுதானே எழுதிருக்காங்க? மெதுவா பாத்துக்கலாம்."

வடிகட்டியம்மா பென்சிலை எடுத்துக் கடிதத்தின் மூலையில் நான்கு போட்டுக் காட்டினாள். முதலாளி கதவுப் பக்கம் திரும்பி, எலக்ட்ரீஷியனைக் கூட்டிவரும்படி மாப்பிள்ளையிடம் சொன்னார்.

"எப்ப மாமா?"

"வசதிப்பட்டப்ப" என்றார் முதலாளி. மாப்பிள்ளை ஒரு கணம் நின்று யோசித்தார். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.