முதல் மூலம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகள் மற்ற எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று மெஷின் தரும் ஒப்புமை அறிக்கையைப் பார்ப்பவரைப் பிள்ளைகள் ‘பர்சன்ட் அக்கா’ என்பார்கள். பக்கத்து மேசை என்னுடையது. அக்காவுக்கு ஒரே பிடிவாதம்: தன் மேசையில் யாரும் ‘திருட்டு’ என்று சொல்லக் கூடாது. “மெஷினுக்கு ஒத்துப்போறது மட்டும்தான் தெரியும். யார் முதல்ல எழுதினாங்கன்னு தெரியாது.”

அன்றைக்கு ஒரு முதுகலை மாணவி முகம் செத்துப்போய் வந்தாள். அறிக்கையில் முப்பத்துநாலு சதவீதம்.

“நம்பரைப் பாத்துப் பயப்படாத கண்ணு” என்று அக்கா திரையைத் திருப்பினார். நூற்பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கியதும் பத்தொன்பதானது. “இந்தச் சின்னச் சின்ன நிறமெல்லாம் எல்லாரும் எழுதற வாக்கியம், விட்டுடு. இந்தச் சிவப்பைத்தான் பாக்கணும். ஒரே மூலத்துலேர்ந்து பதினொரு சதவீதம்.”

அந்தச் சிவப்பைச் சொடுக்கினார். போன வருடம் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. எழுதியவர், அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

“இது என் ரெண்டாவது அத்தியாயம்கா. திருத்தித் தரச்சொல்லி அவர்கிட்ட கொடுத்தேன்.”

சிவப்பின் நடுவில் ஒரு வரி இருந்தது: ‘கை வெந்தாலும் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்தான் அழுவேன்.’ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அவள் அம்மா சொன்னது. கட்டுரையில் ‘ஒரு தொழிலாளி’ என்று இருந்தது.

“மேற்கோள்குறி போடலையே கண்ணு?”

“எங்கம்மா பேச்சுக்கு எதுக்குக்கா குறி? இப்ப அவங்களும் இல்ல.”

நான் மனசுக்குள் திட்டினேன்: பெரிய மனுஷனாம், பொறுக்கி! அக்கா மட்டும் நிதானமாகச் சொன்னார். “அனுப்பின மெயில்ல தேதி இருக்கும். அதை வச்சுப் புகார் குடு. நான் கூட வரேன்.”

“ஆய்வேட்டுல அவர்தானேக்கா கையெழுத்துப் போடணும்? வேலைக்குச் சேரச் சொல்லிட்டாங்க. பட்டம் கையில இருக்கணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எதைத் திருத்தணும்னு சொல்லுங்க.”

அக்கா திரையை மறுபடி தன் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: மற்றதைச் சொந்த நடையில் புதிதாக எழுதி, கருத்து அந்தக் கட்டுரையில் இருப்பதாகக் குறிக்கலாம். அம்மாவின் வரியை மாற்றக் கூடாது. குறிக்குள் வைத்து, பக்கத்தில் கட்டுரையாசிரியர் பெயரைப் போட வேண்டும்.

மறுவாரம் வந்தாள். அறிக்கை எட்டு சதவீதம். அக்கா அச்செடுத்துப் புரட்டி, இரண்டாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டார். அம்மாவின் வரிமேல் ஒரு நிறமும் இல்லை. பக்கத்தில் பேராசிரியர் பெயரும் ஆண்டும்.

“சரியா இருக்காக்கா?” என்றாள் அவள்.

“சரியா இருக்கும்மா” என்றார் அக்கா. அவள் படியிறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“திருட்டுடி” என்றார்.