புரண்டு படுக்கக் கூடாது

அந்த வலி முதன்முதலில் வந்தபோது என் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் எங்கள் தேய்ப்புக் கடை. ஃபோர்ட் கொச்சியில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோம்ஸ்டே வீடுகளின் படுக்கை விரிப்புகளை என் கணவர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். நானும் என் மாமியாரும் தேய்ப்போம். எனக்கு அப்போது எட்டாம் மாதம். நேராக நின்றால் வயிறு மேசையில் இடித்தது. அதனால் ஒருக்களித்து நின்று, உடம்பின் பாரத்தை முழுக்க வலது காலில் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வலது பிட்டத்தின் நடுவில் சுரீரென்று ஒரு இழுப்பு. தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓடியது. கால் என்னுடையது இல்லை என்பதுபோல மடங்கியது.

"ஐயோ, அத்தை!"

"பெட்டிய வை! மொதல்ல பெட்டிய வை!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் மாமியார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என் கால் போனாப் பரவாயில்ல, ஹோம்ஸ்டேக்காரன் விரிப்பு கருகிடக் கூடாது, அதானே?" என்றேன். அவர் பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பெருங்காயம் போட்ட மோருடன் வந்தார். வாயுப் பிடிப்பு என்பது அவர் முடிவு. அன்றிலிருந்து விரிப்புகள் முழுவதையும் அவரே தேய்த்தார். தலைப்பிரசவத்துக்குப் போக எனக்கு அம்மா வீடு இல்லை. என் அம்மா இறந்து ரொம்ப நாளாகிவிட்டது. அம்மா செய்யவேண்டியதை எல்லாம் இந்த மனுஷி செய்துகொண்டிருக்கிறாரே, இவரிடமா அப்படிப் பேசினோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர வாயைக் குறைக்கவில்லை.

நிற்கும்போது வந்த வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படுத்துக்கொண்டு வந்த வலிதான் தாங்க முடியவில்லை. ஒரு பக்கமாகவே படுத்தால் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குள் ஆணி இறங்க ஆரம்பிக்கும். மறுபக்கம் திரும்பலாமென்றால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி படுத்தவாக்கில் புரளக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, அப்புறம்தான் மறுபக்கம் படுக்கவேண்டும். புரண்டால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லாத தமிழ்ப் பெண் எங்கள் சந்திலேயே கிடையாது. ஆனால் அத்தை அளவுக்கு யாரும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்ததில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். நான் லேசாக அசைந்தாலும் குரல் வரும்: "எந்திரிச்சு உக்காந்து திரும்பு."

எழுந்து உட்காருவதுதான் நரகம். மல்லாந்த உடம்பை அப்படியே மடக்கித் தூக்கும்போது பிட்டத்திலிருந்து குதிகால் வரைக்கும் கத்தியால் கோடு போட்ட மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன். திரும்பிப் படுப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை.

ஒரு மத்தியானம் அத்தை தேய்த்த துணியைக் கொடுக்கப் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. வலது பக்கம் படுத்திருந்த எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. எதையும் யோசிக்காமல் அப்படியே இடது பக்கம் புரண்டேன். அப்பாடா! அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! கால் அடங்கியது. கண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நொடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை அசையவில்லை. "கண்ணு, ஒரு உதை விடு, ஒரே ஒரு உதை" என்று கெஞ்சினேன். கடைசியில் அது விலாவில் ஒன்று வைத்தபோதுதான் மூச்சே வந்தது.

இனி செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். மறுநாள் மத்தியானமும் புரண்டேன். அதற்கடுத்த நாளும். அத்தை செருப்பு மாட்டும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அவர் தெருமுனை திரும்பியதும் நான் திரும்புவேன். பிறகு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பேன். அத்தை களைத்துப்போய் வந்து சாயா போட்டு என் கையில் கொடுக்கும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கமுடியாது.

அந்த நிலையில்தான் எர்ணாகுளத்தில் ஸ்கேன் எடுக்கப் போனோம். அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த பெண், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் மலையாளத்தில் சாதாரணமாகச் சொன்னார்: "கழுத்தில் கோர்டு ஒரு சுற்றுண்டு." மலையாளம் எனக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. அவர் துடைக்கக் காகிதத் துண்டை நீட்டினார். அதை வாங்கத் தெரியாமல் கிடந்தேன். நான்தான் சுற்றினேன். என் இடுப்பு வலிக்காக என் பிள்ளையின் கழுத்தில் நானே கயிறு போட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் அத்தை எழுந்து வந்தார். "எந்தா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்காம்" என்றேன்.

அதற்கப்புறம் நான் புரளவே இல்லை. புரளாதது மட்டுமா, வலிக்கிற பக்கமாகவே படுத்தேன். எனக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடினால் கொடி இறுகுகிற மாதிரியே இருந்தது. டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தபோது வலது காலை ஊன்றவே முடியவில்லை. அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். வளர்ச்சி நன்றாக இருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்றார். கொடி ஒரு சுற்று இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"நான்தான் டாக்டர். அத்தை இல்லாத நேரம் பாத்துப் புரண்டு புரண்டு படுத்தேன். கால் வலி தாங்கல. நான்தான் சுத்திட்டேன்." விக்கி விக்கி அழுதேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "உள்ள குட்டி தண்ணியில நீந்துது. தானே சுத்தும், தானே அவிழ்க்கும். நீங்க எப்படித் திரும்பினாலும் கொடி அதனால சுத்தாது. எத்தனையோ குட்டிங்க இப்படித்தான் பொறக்குது. அனக்கம், அசைவு, நல்லா இருக்கான்னு மட்டும் பாருங்க. கொறஞ்சா உடனே வரணும், காத்திருக்கக் கூடாது." பின்னால் பிரசவத்தின்போது நர்ஸ் அந்தக் கொடியை மாலை கழற்றுவதுபோல என் மகளின் தலை வழியாக எடுத்துவிட்டார். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? டாக்டர் சொன்னதைப் பாதி நம்பினேன். மீதி பயமாக வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. அத்தை என்னைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார். கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து என் காலைப் பார்த்த டாக்டர் அதே கட்டடத்தில் இருந்த பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்ன வயதுப் பெண். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நிற்கச் சொன்னார், கட்டைவிரலை அவர் கைக்கு எதிராக மேலே தள்ளச் சொன்னார். தொடை இடுக்கில் மரத்துப் போகிறதா, மூத்திரம் போவதில் கஷ்டம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படி வந்தாலோ, பாதம் தூக்க முடியாமல் துவண்டாலோ உடனே ஓடி வரணும் என்றார். இப்போதைக்குக் காலுக்கு இறங்கும் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"எப்படி எழுந்திருப்பீங்க, காட்டுங்க சேச்சி."

மல்லாந்து படுத்து, வழக்கம்போல மடங்கி எழுந்தேன். வலியில் கத்திவிட்டேன்.

"அய்யோ, தினமும் இப்படியா? பின்ன நரம்பு சண்ட போடாதா!" என்று என்னைத் திரும்பப் படுக்கவைத்தார். வலிக்காத இடது பக்கம் படுக்கச் சொல்லி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்தார். வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. இடுப்பில் இத்தனை நாளாக இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. "இப்போ திரும்பணும்" என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். முட்டி இரண்டையும் மடக்கி, தலையணையை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகப் போகிற மாதிரி உருளவேண்டும்; இடுப்பு மட்டும் முறுகக் கூடாது. உருண்டேன். வலித்தது, ஆனால் சுரீரென்ற அந்தப் பாய்ச்சல் வரவில்லை. எழுவதற்கு முதலில் பக்கவாட்டில் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு எழச் சொன்னார்.

அப்புறம் கையும் முட்டியும் ஊன்றி மாடு மாதிரி நிற்கவைத்தார். முதுகை மெதுவாக மேலே வளைத்து, திரும்ப மட்டத்துக்குக் கொண்டுவந்து, இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். வயிற்றின் பாரம் முதுகெலும்பை விட்டுத் தொங்கியதும் காலுக்குள் இருந்த எரிச்சல் கொஞ்சம் மேலேறி அடங்கியது. கூடுதலாக வலித்தால் நிறுத்திவிடணும் என்றார். தேய்ப்பு வேலை என்று தெரிந்ததும் தலையில் கைவைத்தார். ஒரே காலில் நிற்கக் கூடாது, மேசைக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டு மாற்றி மாற்றிக் கால் வைக்கணும், நடுநடுவே உட்காரணும், மூட்டை தூக்கவே கூடாது. பிரசவம் முடிந்தால் பெரும்பாலும் தானே போய்விடும் என்றார். அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, அந்தத் தலையணையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் படுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தை என் முட்டிகளுக்கு நடுவில் தலையணையைச் செருகி, துண்டை மடித்து வயிற்றுக்கு அண்டை கொடுத்தார்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

"அத்தை, உங்ககிட்ட மறைச்சிட்டேன். அன்னிக்கு ஸ்கேன்லயே சொன்னாங்க. நான்…"

"திரும்புன்னேன்ல."

உருண்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டாக்டரம்மா சொன்னது நெசந்தானா?"

"எது அத்தை?"

"புரண்டு படுத்தா கொடி சுத்தாதுன்னது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் எங்கேயும் இல்லை.

"ஒன் புருசனுக்கு முந்தி எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. செத்துப் பொறந்துச்சு. கழுத்துல கொடி. பிரசவம் பாத்தவ தூக்கிக் காட்டுனா. எனக்கும் அப்ப இடுப்பு வலி, ஒன்ன மாதிரியே. யாரும் பாக்காதப்ப புரண்டு படுத்துருவேன். நான்தான் கொன்னேன்னு எனக்குத் தெரியும். ஒன் மாமனாருகிட்டகூடச் சொல்லல. அவரு போற வரைக்கும் சொல்லல."

இவரை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்! பாய் போட்டுக் காவல் காத்தவரை மனதுக்குள் ஜெயில் வார்டன் என்று திட்டியிருக்கிறேனே. என் வயிற்றுக்குள் மீதிப் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் காட்டுகிற உரிமை எனக்கு இல்லை.

"நெசம் அத்தை. நீங்க ஒண்ணும் பண்ணல. புரண்டதால இல்ல."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"புரண்டதால இல்ல அத்தை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் சொல்லச் சொல்ல வாயைத் திறந்தார். கேட்காமலேயே நான் சொன்னேன்.