மாமா வெட்டிய அரை மாத்திரைகள்

என் மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பைனல் செக்கிங் பார்த்தவர். ஷூவைக் கையில் எடுத்து, மடக்கி, மோந்து, வெளிச்சத்தில் திருப்பி, ஏதாவது குறை கண்டுபிடித்து ஓரமாகத் தூக்கிப் போட்டால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ரிடையர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் தோசையையும் மடக்கிப் பார்ப்பார். அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கு இதுதான் காரணம் என்பாள் அம்மா. வந்த பெண்களை இவர் ரிஜெக்ட் செய்தாரா, அவர்கள் இவரை ரிஜெக்ட் செய்தார்களா என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் கடைசிவரை ஒற்றுமை ஏற்படவில்லை.

அப்பா இறந்த பிறகு மாமா எங்களோடுதான் இருந்தார். அம்மா கணக்கு டீச்சராக இருந்தவள், அவருக்கு அக்கா. மார்பில் வந்த புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு சில வருஷம் அடங்கிக் கிடந்துவிட்டு, இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அம்மாவால் உட்கார முடியவில்லை. வகுப்பில் நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தியவள், காலை மடக்கவும் நீட்டவும் பல்லைக் கடித்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வலிக்கென்றே தனியாக ஒரு கிளினிக் இருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா மார்ஃபின் மாத்திரை கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கமாக இருக்கும், குமட்டலாம், போகப்போகச் சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதற்கு ஒரு மருந்து கூடவே தினமும். இதெல்லாம் சொன்னபோது மாமா பக்கத்திலேயே இருந்தார். ஆனால் மார்ஃபின் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அவருக்கு மார்ஃபின் சினிமா வழியாகத்தான் அறிமுகம். வில்லன் குடோனில் வைத்திருப்பான், யாரோ ஒரு பெண் அதற்காகக் கதறுவாள். எங்கள் சர்ச் சபையில் மதுவிலக்குக் கூட்டத்துக்கு வேறு அவர்தான் தலைவர். பஸ்ஸில் அம்மாவைப் பின் சீட்டில் படுக்கவைத்ததும் என்னிடம் ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சரா இருந்தவ, நாளைக்கு மருந்துக்காகத் தெருவுல நின்னா நம்ம மானம் இன்னா ஆவும்? அதுவுமில்லாம இப்பவே இத்தக் குடுத்துட்டா, கடைசீல வலி ஜாஸ்தியாச்சுன்னா எது கேக்கும்?"

"டாக்டருக்குத் தெரியாதா மாமா?"

"டாக்டருங்க எழுதுவாங்க. செக்கிங்ல நிக்கறவன்தான் மாட்டுவான்."

நான் ஒரு கம்பெனி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். மாத்திரைப் பட்டை பீரோவுக்குள் போனது, சாவி அவர் கழுத்தில் ஒரு கயிற்றில் பூணூல் மாதிரி தொங்கியது. மணி தவறாமல் கொடுத்தார் என்பதில் சந்தேகமில்லை. கொடுத்தது பாதி என்பதுதான் எனக்கு அப்போது தெரியாது. கம்பெனியில் தோலின் ஓரம் சீவும் கத்தி ஒன்றை வீட்டில் வைத்திருந்தார். அதை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மாத்திரையை நடுவில் ஒரே வெட்டு. பொடி உதிராது, ஒரு மயிரிழை கூடக் குறையாது. அம்மா கேட்டதற்கு, டாக்டர் தன்னிடம் தனியாக அப்படித்தான் சொன்னார் என்று சாதித்திருக்கிறார்.

காலையில் செக்கிங் நடக்கும். அம்மாவின் கண்ணில் டார்ச் அடிப்பார்.

"பாத்தியா, கண்ணுமணி சுருங்குது! ஏறிட்ச்சு!"

நான் டார்ச்சைப் பிடுங்கி அவர் கண்ணில் அடித்தேன். அவருக்கும் சுருங்கியது. கொஞ்சம் பயந்துபோனார். அடுத்தது மூளைப் பரிசோதனை.

"அக்கா, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு."

அம்மா கடகடவென்று சொல்லிவிட்டு, "நீ பத்தொம்பது சொல்லுடா" என்றாள். மாமா மூன்றாவது வரியிலேயே வழுக்கி விழுந்தார். அம்மா படுத்தபடியே அவரைக் கையை நீட்டச் சொன்னாள். அறுபது வயது மனிதர் நீட்டவும் செய்தார்.

ஆனால் நாளாக ஆக அம்மா கடிகாரத்தையே பார்க்க ஆரம்பித்தாள். "மணி ஆச்சாடா?" என்று முன்கூட்டியே கேட்டாள். கொடுக்காவிட்டால் எரிந்து விழுந்தாள். மாமா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் காதில் சொன்னார்: "நான் சொன்னனா இல்லியா? அடிமையாய்ட்டா." எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. பிறகு ஒரு நாள் அம்மாவின் தலையணை உறையைத் துவைக்க எடுத்த மாமா கூச்சல் போட்டார். உள்ளே காகிதத்தில் மடித்து இரண்டு அரை மாத்திரைகள்.

மறுநாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு வேலூர். மாமா அந்தக் காகிதப் பொட்டலத்தை, கம்பெனி முதலாளி முன்னால் பழுதான ஷூவை வைப்பது மாதிரி டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தார்.

"ஒளிச்சு வெச்சிருக்காங்க டாக்டர். பழகிட்ச்சு. நிறுத்திடுங்க."

டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்தார். "நான் முழுசாத்தானே குடுத்தேன். யாரு இவ்ளோ அழகா வெட்டினது?"

மாமா தொழில் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான்."

டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார். "எதுக்குங்க டீச்சர் சேத்து வெச்சீங்க?"

"பாதி போட்டா பாதி வலிதான் போவுது. வலியோட பல்லைக் கடிச்சிக்கினு ரெண்டு வேளை மிச்சம் புடிச்சேன். ரெண்டு அரை சேந்தா ஒண்ணு. ஒண்ணா போட்டுக்கினா உக்காந்து தலைக்குக் குளிக்கலாம்னு பாத்தேன். தலை ஒரே அரிப்பு."

கணக்கு டீச்சர் போட்ட கணக்கு அது.

"சார்," என்றார் டாக்டரம்மா, "போதைக்கு அடிமையானவங்க, கெடுதல்னு தெரிஞ்சும், வலியே இல்லாதப்பவும் அதைத் தேடுவாங்க. இவங்க தேடறது தலைக்குக் குளிக்கறதுக்கு. பாதி மருந்து குடுத்தா யாரா இருந்தாலும் கடிகாரத்தப் பாப்பாங்க. வலிக்கு ஏத்த அளவு குடுத்தா அந்தத் தவிப்பே போய்டும். அடிமையாவறது ரொம்ப அபூர்வம், அதையும் கவனிக்கத்தான் நாங்க இருக்கோம். உடம்பு பழகும், அதனால திடீர்னு நிறுத்தக் கூடாது, மெதுவாத்தான் குறைக்கணும். அது வேற, இது வேற. கடைசிக்குன்னு மிச்சம் வெக்கவும் வேணாம். வலி ஏறினா அளவை ஏத்திக்கலாம்."

பிறகு இடுப்பெலும்புக்கு ரேடியேஷன் வைக்க அனுப்பினார். வீட்டில் மாத்திரை முழுசாக உள்ளே போனது. இரண்டே நாளில் அம்மா மணி கேட்பதை நிறுத்தினாள். முக்காலியில் உட்கார்ந்து தலைக்குக் குளித்தாள், நான் சீயக்காய் தேய்த்தேன். எனக்கு அழுகை வந்தது, சீயக்காய் கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

ரேடியேஷன் முடிந்து சில வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. டாக்டரம்மா அளவைப் படிப்படியாக இறக்கினார். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும், அம்மா பாத்திரத்தை உடைப்பாள், கத்துவாள் என்று மாமா காத்திருந்தார். அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மாமாதான் தண்ணீர் தம்ளரோடு பின்னாலேயே அலைந்தார்.

"அக்கா, டைம் ஆயிட்ச்சு."

"வெச்சிட்டுப் போடா, கணக்கு முடியட்டும்."

கடைசியில் மாமாவால் பொறுக்க முடியவில்லை. "அவ்ளோ கேட்டியேக்கா. இப்ப கம்மி பண்ணிட்டாங்க. கேக்கணும்னே தோணலியா?"

அம்மா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அப்ப வலிச்சிது, கேட்டேன். இப்ப எதுக்குடா கேக்கணும்?"

மாமா கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் எதையும் மடக்கிப் பார்க்கவில்லை, தலை நிமிரவும் இல்லை. அம்மா தானே எழுந்து போய்க் கரண்டியை எடுத்துவந்து, நின்றபடி அவர் தட்டில் இரண்டு கறித்துண்டு கூடப் போட்டாள்.