கோடு இல்லாத எழுபத்தொன்று

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து ஏரிக்கரைப் பள்ளிக்கு வரும் கணக்கு டீச்சர் நான். பெற்றோர் கூட்டத்துக்காக ஆறாம் வகுப்பு மதிப்பெண்களை எக்செல்லில் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப நீளும் வண்ணப் பட்டை வைத்தேன். எல்லாப் பட்டையும் ஏறக்குறைய ஒரே நீளம். இதில் என்ன அழகு என்று, பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் வகுப்பின் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். எழுபத்தைந்துக்குக் கீழே போனால் கட்டம் சிவக்கட்டும் என்று ஒரு விதியும் போட்டேன்.

திரையில் காட்டியதும் நண்டு விற்கும் ஓர் அம்மா எழுந்தார். படிக்கத் தெரியாதவர். மகள்தான் தன் வரிசையை விரலால் காட்டியிருந்தாள்.

"இன்னா டீச்சர், எல்லாருக்கும் கோடு கீது. எம் பொண்ணுக்கு மட்டும் செவப்பு, கோடே இல்ல. முட்டை வாங்கிட்டாளா?"

அந்தப் பிள்ளை வாங்கியது எழுபத்தொன்று. வகுப்பில் அதுதான் குறைவு என்பதால் பட்டை தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிட்டது. மகள் தலையைத் தொங்கப்போட்டாள்.

அவசரமாகத் தொடக்கத்தைப் பூஜ்யமாக்கினேன், சிவப்பு விதியை அழித்தேன். பட்டை முக்கால் கட்டத்துக்கு ஓடியது.

"பாருங்கம்மா, இதுதான் நிஜம்."

அவர் திரையைப் பார்க்கவில்லை, மவுஸ் மேலிருந்த என் கையைப் பார்த்தார்.

"பரவால்ல டீச்சர். பாவம் பாத்து எனக்கோசரம் கோடு போட வாணாம்."