மூன்று ரூபாய் முதலாளி

பழைய மிஷின் வாங்கி விற்பது என் தொழில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறை மூடினாலும், சாவியைத் திருப்புவதற்குள் நான் வாசலில் நிற்பேன் என்று ஒரு கெட்ட பெயர் எனக்கு உண்டு. அதில் எனக்குப் பெருமைதான்.

இந்தத் தொழிலில் ஒரு நிம்மதி இருக்கிறது. எவ்வளவு மோசமான லேத்தாக இருந்தாலும், அதற்குக் கீழே ஒரு தரை உண்டு. ஓடவில்லையா, மோட்டாரைக் கழற்றி விற்கலாம். அதுவும் இல்லையா, இரும்பு எடைக்குப் போட்டுவிடலாம். பழைய இரும்பு விலைக்கு ஒரு மிஷின் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கை சுடாது. இந்த ஞானத்தோடுதான் நான் பங்குச் சந்தைக்குள் நுழைந்தேன். அங்கே அந்தத் தரை கிடையாது என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி இல்லை. நான் கேட்காத செய்தி.

பூந்தமல்லி தாண்டி ஒரு கம்பெனி. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்பவர்கள். நீளமான காம்பவுண்டு சுவர், உள்ளே வேப்ப மரங்கள், கேட்டில் சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டி. மாங்காட்டுக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தபடியே போவேன். ஒரு நாள் போனில் பார்த்தால் அதன் ஷேர் மூன்று ரூபாய். ஒரு காலத்தில் நூற்று நாற்பதுக்கு ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சல்யூட் அடிக்கிறவரோடு சேர்த்துக் கம்பெனியே மூன்று ரூபாயா? அந்த இடம் ஒன்றே எத்தனை கோடி போகும்?

வாங்கினேன். நல்ல கம்பெனி ஷேர் ஒன்று வாங்குகிற பணத்துக்கு இதில் ஆயிரம் ஷேர் வந்தது. எண்ணிக்கையைப் பார்க்கப் பார்க்க மனம் குளிர்ந்தது. அடுத்த வாரமே விலை தினமும் ஏறியது. ஒரு ஷேர் ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தை ஒரு எல்லை வைத்திருக்கிறது. என் ஷேர் தினமும் காலையிலேயே மேல் எல்லையைத் தொட்டு உட்கார்ந்துகொண்டது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ "இன்னும் இருக்கு" என்று எழுத, நானும் கீழே கைதட்டிக் கொண்டிருந்தேன். தன்னிடம் இருப்பதை என் தலையில் கட்ட ஒருவன் அப்படி எழுதுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிஷின் விற்கும்போது நானும் அப்படித்தான் பேசுவேன் என்பதையும் மறந்துபோனேன்.

அப்புறம் ஏற்றம் நின்றது. இப்போது தினமும் கீழ் எல்லையைத் தொட ஆரம்பித்தது. பழையபடி மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் என் மச்சான் உள்ளே வருகிறான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. மேனாம்பேட்டில் இன்னொருவர் ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து, கூலிக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறான். அண்ணனூர் பக்கம் தனி ஷெட் ஒன்று பார்த்து வைத்திருந்தான். அட்வான்சுக்கென்று பல வருடம் சேர்த்த பணம் அவன் கணக்கில் இருந்தது. அந்த ஷெட் கிடைத்தால் ஒழிய அவனால் பெரிய ஆர்டர் எதையும் எடுக்க முடியாது. ஷெட் ஓனர் அடுத்த மாதத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்.

விலை ஏறின வாரத்தில் நான் அடித்த பெருமையெல்லாம் அவன் காதில் இருந்தது. "மாமே, ஒரு மாசம் அதுல போட்டா ரெட்டிப்பாயிடுமா? ஷெட்டும் ஆவும், மிஷினும் ஆவும்" என்றான்.

"மூணு ரூபாதான் மச்சான். இதுக்குக் கீழ எங்க போவும்?" என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எளிமையானது. ஒன்றரைக்குப் போகும். போனால் பாதிப் பணம் காலி. நூற்று நாற்பது எழுபதானாலும் பாதிதான், மூன்று ஒன்றரையானாலும் பாதிதான். ஆனால் மூன்று ரூபாய் என்றதும் மூளை பேருந்து டிக்கெட் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

அந்த வாரமே செய்தித்தாளில் வங்கி விளம்பரம் வந்தது. கடன் கட்டாததால் அந்தக் கம்பெனியின் மிஷின்களை ஏலம் விடுகிறார்கள். "இருக்கிற இடத்தில், இருக்கிறபடியே." முன்னதாக வந்து பார்க்க ஒரு நாள் குறித்திருந்தார்கள்.

வேறு எவனாக இருந்தாலும் பயந்திருப்பான். நான் மகிழ்ந்தேன். "பாத்தியா? கடன் கழியப் போவுது. கழிஞ்சா ஷேர் பிச்சிக்கும். நாம மிஷின் பாக்கப் போவோம், அப்டியே நம்ம கம்பெனியயும் பாத்துட்டு வருவோம்."

"நம்ம கம்பெனியா?"

"ஆமா. ஒரு துண்டு என்னுது. லாபம் வந்தா டிவிடெண்டுன்னு பங்கு தருவான்."

"அப்போ திங்கக்கெழம நானும் போட்டுடறேன்" என்றான் மச்சான்.

சனிக்கிழமை இருவரும் போனோம். செக்யூரிட்டி சல்யூட் அடிக்கவில்லை. செக்யூரிட்டியே புதியவர், வங்கி வைத்த ஆள். உள்ளே ஒவ்வொரு மிஷின் மேலும் நம்பர் ஒட்டியிருந்தது. வங்கியிலிருந்து ஒரு பெண் அதிகாரி ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். என்னைப் பார்த்ததும் பேர், போன் நம்பர் எழுதச் சொன்னார். எழுதிவிட்டு, கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தி, "மேடம், நான் இந்தக் கம்பெனி ஷேர்ஹோல்டர்" என்றேன்.

"அப்படியா சார், உட்காருங்க" என்று உண்மையான மரியாதையோடு நாற்காலியைத் தள்ளினார். நோயாளியின் சொந்தக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை அது.

"ஏலத்துல வித்து வர்ற பணத்துல எங்களுக்கு என்ன வரும்?"

"முதல்ல எங்க பேங்க் கடன் சார். எங்க கூட இன்னும் ரெண்டு பேங்க் இருக்கு. தொழிலாளிங்க சம்பள பாக்கி, வரி, சரக்கு குடுத்தவங்க, எல்லாரும் இருக்காங்க. எல்லாருக்கும் போக மிச்சம் இருந்தா ஷேர்ஹோல்டருக்கு."

"வரிசையில நாங்க கடைசியா?"

"ஓனர் எப்பவும் கடைசிதான் சார்."

மச்சான் பதறிப்போய், "அப்போ மிச்ச கடன மாமா கட்டணுமா?" என்றான்.

"இல்லைங்க. அவர் போட்ட பணம்தான் போகும். அதுக்கு மேல அவர்கிட்ட யாரும் கேக்க முடியாது." அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

நான் விடவில்லை. "இடம் இருக்குல்ல மேடம். இந்த இடம் ஒண்ணே போதுமே."

"இடம் கம்பெனியோடதே இல்ல சார். குத்தகை. அவங்க ஆண்டறிக்கையிலயே போட்டிருக்கு. நெட்ல சும்மா கிடைக்கும்." பிறகு எங்களைப் பார்த்து, "மிஷினுக்கு மதிப்புப் போடறதுல நீங்கதான் எக்ஸ்பர்ட். சுத்திப் பாத்து நீங்களே சொல்லுங்க. எங்க கடன் மட்டும் எவ்வளவுன்னு அந்த நோட்டீஸ்ல இருக்கு" என்றார்.

சுற்றினேன். இது என் வேலை. இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பெயின்ட்டைப் பார்க்க மாட்டேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைக் கையால் சுற்றிப் பார்ப்பேன், லேத் படுக்கையில் சக்குக்குப் பக்கத்தில் நகத்தை ஓட்டுவேன். தேய்ந்திருந்தால் நகம் விளிம்பில் தட்டும். தட்டியது. அடுத்ததிலும் தட்டியது. நல்ல மிஷின்களையெல்லாம் முன்னாலேயே விற்றுவிட்டிருந்தார்கள். தரையில் போல்ட் ஓட்டைகள் மட்டும் மிச்சம். ஒவ்வொன்றாக மனதுக்குள் விலை போட்டுக்கொண்டே போய், கடைசி மிஷினில் கூட்டிப் பார்த்தேன். தாராளமாகப் போட்டும், நோட்டீஸில் இருந்த கடனில் ஒரு ஓரம்தான் வந்தது. அந்தக் கடனும் ஒரு பேங்குடையது மட்டும்தான்.

என் சொந்தக் கம்பெனியை நானே மதிப்புப் போட்டேன். பழைய இரும்பு விலைகூட எனக்கில்லை என்று நானே முடிவு சொல்லிக்கொண்டேன். தரை இருந்தது. ஆனால் அது பேங்குக்கு.

மச்சான் ஒரு மில்லிங் மிஷின் பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். "இன்னா மாமே இது. மூணு வருசத்துக்கு முன்ன எவ்ளோ ஷேர் இருந்துச்சோ அதப்போல பல மடங்கு இப்போ கீது. புதுசு புதுசா போட்டுகினே இருந்துகிறானுங்க."

ஆண்டறிக்கையைத் திறந்திருந்தான். ஆயிரக்கணக்கில் ஷேர் கையில் இருக்கிறது என்று நான் மனம் குளிர்ந்துகொண்டிருந்த நேரத்தில், கம்பெனி ஒரே தோசையை இன்னும் இன்னும் சின்னத் துண்டாக நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. துண்டின் விலை மூன்று ரூபாய் என்பது தோசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மொத்தத் துண்டுகளையும் மூன்றால் பெருக்கினால்தான் சந்தை அந்தத் தோசைக்கு என்ன விலை சொல்கிறது என்று தெரியும். பெருக்கிப் பார்த்தோம். நான் இப்போது மதிப்புப் போட்டதைவிடப் பல மடங்கு. கடன் வேறு தலைக்கு மேல். இந்த மூன்று ரூபாய் மலிவே இல்லை, அநியாய விலை.

"மாமே" என்றான் மச்சான், நிதானமாக. "பழைய லேத்துக்கு நகத்த வெச்சி தடவிப் பாக்குற. இதுக்கு மட்டும் காம்பவுண்டு செவுத்தப் பாத்து வாங்கிகினு வந்துகிற."

"சுவர் நல்லா இருந்துச்சு மச்சான்."

"திங்கக்கெழம போடட்டா?"

இங்கே மட்டும் நான் கொஞ்சம் யோசித்தேன். போடு என்றால் என் பெருமை தப்பும். வாங்குகிற ஆள் ஒருவன் கிடைத்தால் என் ஷேரும் ஒருவேளை தப்பும். அந்த வாட்ஸ்அப் குழுவில் "இன்னும் இருக்கு" என்று எழுதியவனின் மனம் அந்த ஒரு நிமிடம் எனக்குத் துல்லியமாகப் புரிந்தது.

"ஷெட்டுக்கு அட்வான்ஸ் குட்றா" என்றேன். "மிச்சம் இருந்தா அந்த மில்லிங்கக் கேளு. அது ஒண்ணுதான் இங்க நகம் தட்டல."

திங்கட்கிழமை காலை என் ஷேரை விற்கப் போட்டேன். விற்கிறவர்கள் வரிசை லட்சக்கணக்கில் நின்றது. வாங்குகிற பக்கம் பூஜ்யம். விலை கீழ் எல்லையில் பூட்டிக்கொண்டு கிடந்தது. பழைய மிஷினுக்குக்கூடக் கடைசியில் எடைக்குக் கேட்கிற ஒருவன் வருவான். இங்கே யாருமில்லை. தினமும் காலையில் பல் தேய்த்தபடி விற்கப் போடுவேன். சாயந்திரம் அது அப்படியே திரும்பி வரும். பிறகு விலை சரிந்து சரிந்து பைசாவுக்கு வந்த பிறகுதான், எதையும் வாங்கும் என்னைப் போன்ற ஞானி ஒருவர் வந்து கொஞ்சத்தை வாங்கிக்கொண்டார். அவருக்கு என் ஆசிகள். மீதி இன்னும் என் கணக்கில் இருக்கிறது.

மில்லிங் மிஷின் மச்சானுக்கே ஏலத்தில் வந்தது. இப்போது அது அண்ணனூர் ஷெட்டில் ஓடுகிறது. ரயில் போகும் சத்தத்தையும் மீறி அதன் சத்தம் கேட்கும். போன வாரம் என்னிடமிருந்த ஒரு இரும்பு பிராக்கெட்டில் சின்னப் பள்ளமாக ஒரு ஸ்லாட் போட வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

"என் கம்பெனி மிஷின். எங்கிட்ட கூலி கேப்பியா?" என்றேன்.

அவன் போட்டுக் கொடுத்தான். துணியால் துடைத்து என் கையில் வைத்தான்.

"கூலி வாணாம். டிவிடெண்டுன்னு எழுதிக்கோ மாமே" என்றான்.