சர்பத் கடை ஐஸும் ஏழு ரத்தப் பைகளும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தஞ்சாவூரில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லாத ஆளில்லை. அந்த வாய் ஒருநாள் என்ன செய்தது என்பதை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

அப்போது எங்கள் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒருவர் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தார். திருப்பனந்தாள் பக்கத்துக் குத்தகை விவசாயி. அவருடைய மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் பிளேட்லெட் அடியோடு இறங்கி, மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. பஞ்சு வைப்பார்கள், சிவந்துவிடும், மாற்றுவார்கள்.

"ரத்தம் ஒழுகுதும்மா. உள்ள இத்தன பை ரத்தம் அடுக்கி வச்சிருக்கீங்க, ஒண்ணு குடுக்கக் கூடாதா?" என்று ஐந்தாவது முறையாகக் கேட்டார்.

"ஃப்ரிட்ஜுல இருக்கிறது சிவப்பணுங்க. ரத்தம் குறைஞ்சுபோனவங்களுக்கு, பிரசவத்துல இழந்தவங்களுக்கு ஏத்துறது. ஒங்க பொண்ணுக்கு வேண்டியது ஓட்டைய அடைக்கிற பிளேட்லெட். அது அஞ்சு நாளைக்கு மேல தாங்காது, இப்ப ஒண்ணுகூட இருப்பில்ல. எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே போன பிறகு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மன்னார்குடி பக்கம் ஒரு முகாம் இருந்தது. கட்சித் தலைவர் பிறந்தநாள் முகாம். அதைத்தான் நம்பியிருந்தோம். வார்டு டாக்டர் கேட்டது ஆறு பை. ஒரு ஆள் கொடுக்கும் ரத்தத்திலிருந்து கிடைக்கும் பிளேட்லெட் ஒரு பெரிய ஆளுக்குப் போதாது. ஐந்தாறு பேருடையது சேர்ந்தால்தான் கணக்குக்கு வரும்.

முகாமில் கரைவேட்டிகள் வந்தார்கள், படுக்கையில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், எழுந்து போய்விட்டார்கள். ஊர்க்காரர்களில் பாதிப்பேர் மறியலுக்குப் போயிருந்தார்கள். வயல்களுக்குள் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்து அன்று சாலையை அடைத்திருந்தார்கள். கடைசியில் கையை நீட்டியவர்கள் பதினொரு பேர். எனக்கு அதுவே பெரிது. ஏழு பையை ஒரு பெட்டியிலும் நான்கு பையை இன்னொரு பெட்டியிலும் வைத்தேன். ஐஸ் வைக்கவில்லை. பிளேட்லெட் எடுக்க வேண்டிய ரத்தத்தை அறைச் சூட்டுக்குப் பக்கத்தில், இருபத்திரண்டு டிகிரி வாக்கில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பெட்டியை அந்தச் சூட்டிலேயே வைத்திருக்கத் தனித் தகடுகள் உண்டு. குளிர்ந்துவிட்டால் பிளேட்லெட் கெட்டுவிடும், ஏற்றினாலும் உடம்பில் நிற்காது. ஆறு மணி நேரத்துக்குள் பிரிக்கவும் வேண்டும். முதல் பை எடுத்தது ஒன்பது மணிக்கு.

பதினொன்றுக்கு எங்கள் வேன் மறியலில் மாட்டியது. டிராக்டர்களைக் குறுக்கே நிறுத்தி, ரோட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மூக்கில் பஞ்சு வைத்த அந்தப் பெண்தான் கண்ணுக்குள் நின்றாள். இறங்கி நேரே பந்தலுக்குப் போனேன்.

"வண்டியில ரத்தம் இருக்கு, கெட்டுப்போயிடும், வழிய விடுங்க!" என்று கத்தினேன்.

"ஆம்புலன்ஸ்னா விடுவோம். இது ஆம்புலன்ஸ் இல்லையேம்மா" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

"ரத்தம் கெட்டுப்போனா நீங்களா பதில் சொல்வீங்க?"

"எங்க பட்டா நெலத்துல எங்களக் கேக்காம குழி தோண்டுறானே, அதுக்கு எவன் பதில் சொல்றான்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தும் நான் விடவில்லை. சட்டம் பேசினேன், போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறாள், அவளுக்காகப் போகிறேன் என்று நிதானமாக ஒரு வாக்கியம் சொல்லவே இல்லை. கடைசியில் அழுதுகொண்டே அதைச் சொன்னேன். பெரியவர் உடனே துண்டை உதறி எழுந்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?" என்றார். டிராக்டர் நகர்ந்தது.

வேனுக்கு ஓடி வந்தால், பின்கதவு திறந்திருந்தது. எதிரே சர்பத் கடை வைத்திருந்த பாய், பெரிய பெட்டியின் மூடியை மறுபடி ஒருமுறை அழுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்தில் நின்று உதவிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்கம்மா. நீங்க எறங்கிப் போனதுமே ஐஸ் பாளத்த ஒடச்சு, துண்டுல சுத்தி உள்ள வச்சுட்டோம். இனி கெடாது" என்றார் பாய்.

திறந்து பார்த்தேன். பைகளின் மேலே துண்டு, துண்டுக்குள் ஐஸ். உள்ளே இருந்த தெர்மாமீட்டர் ஒன்பது டிகிரி காட்டியது. ஏழு பை.

"யாரக் கேட்டு வச்சீங்க?" என்று அலறினேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "நீங்கதானம்மா, ரத்தம் கெட்டுப்போயிடும்னு அங்க நின்னு சத்தம் போட்டீங்க" என்றார். அன்றைக்கு விற்க வைத்திருந்த ஐஸ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டியை அவர்கள் பார்க்கவில்லை. அந்த நான்குதான் மிச்சம்.

தஞ்சாவூர் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் நான்கையும் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினேன். சிவப்பணு அடியில் இறங்கியது. மேலே நின்ற மஞ்சள் நீரைப் பக்கத்துப் பைக்கு அழுத்தித் தள்ளி, அதை வேகமாகச் சுற்றினால் பிளேட்லெட் படியும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, பிறகு ஆட்டும் தட்டில் வைத்தோம். நோய்க் கிருமிப் பரிசோதனை முடிவு சாயங்காலம் வந்தது. நான்கும் சுத்தம்.

"ஆறு கேட்டா நாலா?" என்றார் டாக்டர் போனில். பிறகு, "சரி, அனுப்புங்க. ரத்தம் நின்னா நிக்கட்டும்" என்றார்.

பைகளை வாங்க வந்த தகப்பன் மஞ்சள் நிறத்தைப் பார்த்துத் திகைத்தார். "இதுல ரத்தமே இல்லையேம்மா" என்றார். இந்த முறை நான் எரிந்து விழவில்லை. இதுதான் அது என்று மட்டும் சொன்னேன்.

குளிர்ந்த ஏழு பையும் குப்பைக்குப் போகவில்லை. சிவப்பணு ஃப்ரிட்ஜுக்கும் பிளாஸ்மா உறைபெட்டிக்கும் போயின. அந்தப் பிளாஸ்மாவைப் பக்குவமாக உருக்கி எடுக்கும் கிரையோ என்ற படிவு, உறையவைக்கும் சத்து குறைந்து ரத்தப்போக்கு நிற்காதவர்களுக்கு உதவும். பெஞ்சில் இருந்தவர் மகளுக்கு மட்டும் அவற்றால் பயனில்லை.

காலையில் நான் வேலைக்கு வரும்போது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"பஞ்சு வெள்ளையா இருக்கும்மா. ரெண்டு தடவ மாத்தியாச்சு, ரெண்டும் வெள்ள" என்றார். அவர் விடாமல் கேட்டார்: "பதினோரு பேரு குடுத்தாங்கன்னு டிரைவர் சொன்னாரு. இன்னும் தேவைப்படும்னு டாக்டர் சொல்றாரு. மிச்சம் ஏழு இருக்குல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கத்தியதையும் ஐஸ் வந்ததையும் நடந்தபடி சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஏழும் வீணாம்மா?"

"இல்லைங்க. பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரெண்டு பை சிவப்பணு போயிருக்கு."

"அது பொழச்சுக்கிச்சா?"

"பொழச்சுக்கிச்சுங்க."

தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஊருக்குப் பேசினார். ஆறு பேர் வேண்டும், இன்றைக்கே வேண்டும், நாற்று நடவு கிடக்கட்டும் என்றார். பேசி முடித்து என்னிடம் திரும்பி, "வர்றவங்க விவரம் தெரியாதவங்கம்மா. ஏதாவது ஏடாகூடமாக் கேட்டா கோவிச்சுக்காதீங்க" என்றார்.