கோணலாகக் கிடந்த பலகை

அவளுக்கு அந்தத் தெருவில் ‘சென்டிமீட்டர் அக்கா’ என்று பெயர். பெயர் வைத்தவர் கட்டின புருஷன்தான். சாப்பாட்டு மேஜையைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று டேப் எடுத்து வந்து நிற்கிற பெண்டாட்டியை வேறு என்னவென்று கூப்பிடுவது என்பது அவர் கட்சி.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். மணமக்களை மேலேயிருந்து படம் பிடிக்க ஒரு டிரோன் வாங்கினார். வாங்கிய மறுவாரம் அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “இத வெச்சு நிலத்த அளக்கலாங்க” என்றாள். அன்றோடு அவர் கல்யாணத்துக்குப் போவது குறைந்தது. இப்போது அவர் பறக்கவிடுவார், இவள் கணக்குப் பார்ப்பாள். முதலாளி யார் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததே இல்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரின் நிலத்தை அளக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு ஏக்கர், நடுவில் ஒரு கம்பி வேலி. அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி டயர் கடை வைத்திருப்பவர். வேலி தன் பக்கம் தள்ளி வந்துவிட்டது என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாகும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் இவளுக்கு வேலை வந்திருக்காது.

காலையில் போனதும் எல்லைக் கற்களைச் சுற்றிப் புல்லை வெட்டச் சொல்லி, அவற்றின் தலையில் வெள்ளை அடிக்க வைத்தாள். பிறகு கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகைகளை எடுத்தாள். நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று, நடுவில் ஒரு மேட்டில் ஒன்று. சோதித்துப் பார்க்க மட்டும் தனியே இரண்டு. ஒவ்வொரு பலகையின் நடுப்புள்ளியிலும் ஜிபிஎஸ் கோலைச் செங்குத்தாக நிறுத்தி, அது இருக்கும் இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் பதிவு செய்தாள்.

“மேலேர்ந்து போட்டோ எடுக்கிறதுக்கு எதுக்கும்மா தரையில இவ்ளோ கூத்து?” என்றார் டயர் கடைக்காரர்.

“இந்த டிரோனுக்கு, தான் எங்க இருக்கோம்னு ரெண்டு மூணு மீட்டர் முன்னே பின்னேதாங்க தெரியும். இந்தப் பலகைங்கதான் அதுக்கு, நீ இங்க இருக்கேன்னு கரெக்டா சொல்லும். அதுவும் நாலா பக்கமும் இருக்கணும். ஒரே ஓரமா வெச்சா, மறு ஓரம் காத்துல ஆடுற மாதிரி ஆயிடும்.”

புருஷன் ரிமோட்டைக் கையில் எடுத்ததும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“முன்னாடி படத்துக்கும் பின்னாடி படத்துக்கும் எண்பது சதவீதம் ஒண்ணுமேல ஒண்ணு விழணும். பக்கத்து வரிசைக்கு எழுபத்தஞ்சு.”

“அறுபது போதாதா? கல்யாணத்துல ஒரே ஆள நாப்பது படம் எடுத்தா மாப்பிள்ளையே ஓடிருவான்.”

“மாப்பிள்ளைய அளக்கலைங்க. ஒரு இடத்த நிறைய படம் பாத்தாத்தான் அது எங்க இருக்குன்னு நிலைக்கும். ஓரத்துல மரம் வேற இருக்கு. எல்லைக்கு வெளியவும் ரெண்டு வரிசை போகட்டும்.”

அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் மாஸ்டர் வீட்டம்மா டீ கொண்டுவந்துவிட, எல்லோரும் நிழலுக்கு நகர்ந்தார்கள். மாஸ்டர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றி வந்தார். டீ முடிந்ததும் டிரோன் கிளம்பியது. ஐம்பது மீட்டர் உயரத்தில் வரிசை வரிசையாகப் போய் வந்து இறங்கியது. பலகைகளைப் பொறுக்கிக்கொண்டு வீடு வந்தார்கள்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் படங்களைக் கோத்து முடித்தது. அவள் பலகைப் புள்ளிகளைப் பொருத்திப் பார்த்தாள். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டிய பிழை பத்து, பன்னிரண்டு என்று இருந்தது. தென்கிழக்கு மூலையில் இருபத்தேழு. அந்தக் கணக்கின்படி வேலி தம்பி நிலத்துக்குள் முக்கால் அடி போயிருந்தது.

“ஏங்க, அறுபதுதானே வெச்சீங்க?”

“எண்பது, எழுபத்தஞ்சு.”

“நெஜமா?”

“உன் மேல சத்தியமா சொல்லுவேன், அப்புறம் அதுக்கும் சண்டைக்கு வருவே.”

அவள் நம்பவில்லை. பேட்டரி மிச்சம் பிடிக்கிற புத்தி, கல்யாண வீட்டுப் புத்தி என்று ஆரம்பித்து அவர் அம்மா வீடு வரைக்கும் போய்விட்டாள். அவர் ரிமோட்டை மேஜைமேல் வைத்து, பறந்த விவரத்தைத் திறந்து காட்டினார். எண்பது, எழுபத்தைந்து. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னபடியே செய்திருந்தார்.

அவள் திரையில் நிலத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படங்கள் போதாமல் போயிருந்தால் மர ஓரத்தில் ஓட்டை விழுந்திருக்கும், வேலி நெளிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. தென்கிழக்குப் பலகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மற்ற புள்ளிகளெல்லாம் நல்ல பிள்ளைகளாக இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்து உட்கார்ந்தன. அந்த ஒன்று மட்டும் நாற்பதில் நின்றது. பதினைந்து படங்களில் அந்தப் பலகை தெரிந்தது. பதினைந்தும் அது ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் சொல்லின. அவள் கோலை வைத்த இடம் மட்டும் அதுவல்ல.

“படம் சரியாத்தான் இருக்கு. பலகைதான் நடந்து போயிருக்கு” என்றாள்.

“அப்ப எங்க அம்மாவத் திட்டினது?” என்றார் அவர்.

“அவங்க நல்லவங்கதான். சாப்பிட வாங்க.”

மன்னிப்பு அவ்வளவுதான். அவர் அதையே பெரிய மனதோடு வாங்கிக்கொண்டு, இரண்டாம் தடவை கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டார்.

மறுநாள் நிலத்துக்குப் போய், நேற்று யாராவது பலகையைத் தொட்டார்களா என்று கேட்டாள். தம்பி உடனே அண்ணனைப் பார்த்தார். மாஸ்டர் கொஞ்சமும் கூசவில்லை.

“அந்த மூலையில இருந்ததா? கோணலா கெடந்துச்சும்மா. வரப்புக்கு நேரா நகர்த்தி வெச்சேன். பாக்க லட்சணமா இருக்கணும்ல?”

“சும்மா திருப்பி மட்டும் வெச்சிருந்தா ஒண்ணுமில்ல சார். நடுப்புள்ளியே நகர்ந்துருச்சு. உங்க லட்சணத்துக்கு வேலி முக்கால் அடி அவர் பக்கம் போயிருச்சு.”

“அப்படிப் போடு” என்றார் தம்பி.

“போகலைங்க. போன மாதிரி காட்டுச்சு.”

அந்த மூலையை அப்படியே விட்டுவிட முடியாது. அங்கே பிடிப்பு இல்லாவிட்டால் மாஸ்டர் பக்கத்து ஓரம் எப்படி வேண்டுமானாலும் சாயும். மறுபடி பறக்கவிடலாம் என்று புருஷன் ரிமோட்டைத் தொட்டார். அவள் வேண்டாமென்று மூலையில் இருந்த சிமெண்ட் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். அதன் விளிம்பு நேற்றைய படங்களில் கூர்மையாக விழுந்திருந்தது; அதை எந்த டிராயிங் மாஸ்டராலும் நகர்த்த முடியாது. விளிம்பின் முனையில் கோலை வைத்து இரண்டு முறை அளந்தாள். மரத்தடியில் மேலிருந்து தெரியாமல் போன ஒரு எல்லைக் கல்லை, பக்கத்து இரண்டு கற்களிலிருந்து டேப் பிடித்துக் குறித்துக்கொண்டாள். டேப்பின் மறுமுனையை மாஸ்டரிடம் கொடுத்து, “ஆடாம நில்லுங்க சார்” என்றாள். அவர் மாணவனைப் போல நின்றார்.

புதுக் கணக்கு வந்தபோது, சோதனைக்கு வைத்திருந்த இரண்டு பலகைகளும் சரியென்றன. வரைபடத்தை மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் விரித்தாள். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குனிந்தார்கள்.

“வேலி எங்கயுமே நாலு விரலுக்கு மேல விலகல. என் அளவுலயே ரெண்டு மூணு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். யார் நெலத்தையும் யாரும் சாப்பிடல.”

இத்தனை வருஷம் வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“நாலு விரல் யார் பக்கம்?” என்றார் தம்பி மெதுவாக.

“ஒரு முனையில உங்க பக்கம், மறு முனையில அவர் பக்கம்.”

மாஸ்டர் வரைபடத்தை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “கோடெல்லாம் சுத்தமா போட்டிருக்கியேம்மா” என்றார். பிறகு தம்பியிடம், “கம்பி துருப்பிடிச்சிருக்குடா. மாத்தறப்ப சொல்லு, நானும் வர்றேன்” என்றார்.

“நீ வந்து தூண நேராக்குறேன்னு நகர்த்திராத” என்றார் தம்பி.

சென்டிமீட்டர் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோலை மடக்கினாள். வெளியே புருஷன் டிரோனைப் பெட்டியில் வைத்துவிட்டு, மாஸ்டர் வீட்டம்மாவை மரத்தடியில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.